விடியற்காலை நெஞ்சுவலி, ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். கீழே இருப்பவை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஆட்கள் கேட்ட கேள்விகள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென்று தானாகச் சுருங்கிப் பிடித்துக்கொள்வதால் வரும் நெஞ்சுவலியைப் பற்றியவை. மருத்துவத்தில் இதை வேரியன்ட் ஆஞ்சைனா என்பார்கள். 1959-இல் இதைத் தனி நோயாக விவரித்து எழுதிய அமெரிக்க மருத்துவர் மைரன் பிரின்ஸ்மெட்டலின் பெயராலும் சொல்வதுண்டு. கைலி நெய்யும் ஒருவரின் கதையை இடையிடையே சொல்கிறேன். அவரிடம் முதலில் தவறியது நான்தான்.

ராத்திரி மூணு மணிக்கு நெஞ்சை அடைக்குது சார். பகல்ல மாடிப்படி ஏறினாலும் ஒண்ணும் ஆகல. இது கேஸா, ஹார்ட்டா?

ஹார்ட்டாக இருக்கலாம். நீங்கள் சொல்கிற அந்த நேரமே பெரிய தடயம். வழக்கமான அடைப்பு நோயில் உழைக்கும்போது வலி வரும், நின்றால் குறையும். குழாய் இறுக்கத்தில் அது தலைகீழ். ஓய்வாக இருக்கும்போது, பெரும்பாலும் நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் நடுவில், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். ஐந்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ இருந்துவிட்டுப் போய்விடும். அதே ஆள் பத்து மணிக்கு மூட்டை தூக்குவார். சிலருக்கு ஒரு வாரம் தினமும் வரும், பிறகு ஒரு மாதம் வராது.

புளித்த ஏப்பம், தொண்டை வரை எரிச்சல், நிறையச் சாப்பிட்டுப் படுத்த இரவில் மட்டும் வருவது என்றால் வயிற்றுப் பக்கம் சாயும். நெஞ்சின் நடுவில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் என்றால் இதயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையில் வலி போனால் இதயம்தான் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உணவுக்குழாய் இழுத்துப் பிடித்தாலும் அந்த மாத்திரையில் வலி தளரும். அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

அடைப்புக்கும் இதுக்கும் என்னதான் வித்தியாசம்? ரெண்டுலயும் ரத்தம் போகலன்னுதானே சொல்றீங்க?

நம்ம ஊர் போர்த் தண்ணீர் ஓடும் குழாயை அறுத்துப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்து வாய் சிறுத்திருக்கும். நிலையான அடைப்பு அந்த மாதிரி. ராத்திரியும் பகலும் அதே அளவுதான். சும்மா இருக்கும்போது அந்தச் சிறிய வாய் வழியாக வரும் ரத்தமே போதும். வேகமாக நடந்தால் இதயம் கூடுதலாகக் கேட்கும், குழாயால் கொடுக்க முடியாது, வலி வரும்.

இன்னொன்று பாட்டிகள் இடுப்பில் செருகும் சுருக்குப்பை. கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும், தளர்த்தினால் பழையபடி திறந்துவிடும். இதய ரத்தக்குழாயின் சுவரில் வட்ட வட்டமாகத் தசை இருக்கிறது. அந்தத் தசை அளவுக்கு மீறி இழுத்துக்கொள்வதுதான் ஸ்பாசம். இங்கே இதயம் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை, வருகிற வழியே அடைபட்டுவிடுகிறது. அதனால்தான் படுத்துக்கிடக்கும்போதும் வலி.

தசை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்றால், குழாயின் உள்புறம் மெல்லிய தோல் போல ஒரு படலம் இருக்கிறது. தசையைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளை அதுதான் சுரக்கிறது. பீடி, சிகரெட் புகை அந்தப் படலத்தைக் கெடுக்கிறது. தளர்த்தும் பொருள் குறைகிறது, தசையும் சின்னத் தூண்டலுக்கெல்லாம் துள்ளுகிறது. விடியற்காலையில் குழாய்கள் இயல்பாகவே கொஞ்சம் இறுகியிருக்கும் என்பதால் வலி அந்த நேரத்தைத் தேடி வருகிறது.

இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் சகஜம். லேசாகக் கொழுப்புப் படிந்த இடத்திலேயே இறுக்கமும் வரும். ஆகவே இதுவா அதுவா என்று கோடு போட்டுப் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

எங்க ஊட்டுக்காரருக்கு ஈசிஜி, டிரெட்மில் ரெண்டும் நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எப்படி நோய் இருக்கும்?

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். அந்தக் கைலி நெசவாளருக்கு வயது 44. தறியில் உட்கார்ந்தால் ஒரு கட்டு பீடி முடிந்துவிடும். விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் நெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி வலி, எழுந்து திண்ணையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார், எட்டு நிமிஷத்தில் போய்விடும் என்றார். என்னிடம் அவர் வந்தது காலை பத்து மணிக்கு. ஈசிஜி எடுத்தேன், குறையே இல்லை. வயிற்றுக்கு மாத்திரை எழுதி அனுப்பினேன். மூன்று வாரத்தில் திரும்ப வந்தார். டிரெட்மில்லுக்கு அனுப்பினேன். ஒன்பது நிமிஷம் ஓடினார், வலியும் இல்லை, ஈசிஜியிலும் மாற்றம் இல்லை. இதயம் நன்றாக இருக்கிறது என்று நானே சொன்னேன்.

சுருக்குப்பை திறந்திருக்கும் நேரத்தில் பார்த்துவிட்டு, அது மூடவே மூடாது என்று சொன்ன மாதிரிதான் அது. வலி இல்லாத நேரத்து ஈசிஜி இந்த நோயில் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். டிரெட்மில் கண்டுபிடிப்பது உழைப்பில் வரும் தட்டுப்பாட்டை, அதாவது நிலையான அடைப்பை. பகலில் செய்யும் டிரெட்மில்லில் இறுக்கம் பெரும்பாலும் சிக்காது.

நான் கேட்காமல் விட்ட ஒரு விஷயத்தை அவர் மனைவி சொன்னார்: "டாக்டரே, வலி வர்ற அன்னிக்கு அவர் மொகம் வெளிறிப் போவுது, ஒரு நாள் நிக்க முடியாம செவுத்தப் புடிச்சிக்கினார்." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் ஹோல்டர் கட்டச் சொன்னேன்.

ஹோல்டர்னா என்ன? அதுல எப்படித் தெரிஞ்சுது?

மார்பில் ஸ்டிக்கர்கள் ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். 24 மணி நேரமோ 48 மணி நேரமோ ஒவ்வொரு துடிப்பையும் அது பதிவு செய்யும். வலி வந்தால் மணியைக் குறித்துவைக்கச் சொல்வோம்.

இரண்டாம் நாள் 3:40-க்கு அவர் குறித்திருந்தார். பதிவைத் திறந்தால், மற்ற நேரம் தரையோடு தரையாக ஓடும் எஸ்டி என்ற பகுதி அந்த நேரத்தில் மூன்று கட்டம் மேலே ஏறி நின்றது. ஆறு நிமிஷத்தில் தானாக இறங்கிப் பழைய கோட்டில் சேர்ந்துவிட்டது. உச்சியில் இருக்கும்போது இதயத்தின் கீழறையிலிருந்து ஏழெட்டுத் துடிப்புகள் தாறுமாறாக, படுவேகமாக ஓடியிருந்தன. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த ஓட்டம் நிற்காமல் போயிருந்தால் அவர் எழுந்திருக்கமாட்டார்.

எஸ்டி மேலே ஏறுவது மாரடைப்பிலும் வரும். மாரடைப்பில் குழாய் அடைபட்டே கிடப்பதால் ஏறியது இறங்காது. இங்கே நிமிஷங்களில் இறங்கிவிடும். வலி நடந்துகொண்டிருக்கும்போது எது எது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதல் தடவை இப்படி வலி வந்தால் மாரடைப்பு என்றே நினைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஞ்சியோல முப்பது பர்சன்ட்தான் அடைப்புன்னாங்க, ஸ்டென்ட் வேணாம்னு அனுப்பிட்டாங்க. ஸ்டென்ட் வெச்சா நிரந்தரமா சரியாயிடாதா?

அந்த நெசவாளருக்கும் இதே முப்பதுதான், இதயத்தின் முன்பக்கம் இறங்கும் குழாயில். முப்பது சதவீதம் ரத்த ஓட்டத்தைத் தடுக்காது. வலிக்குக் காரணம் அது இல்லை என்று நிரூபிக்க, ஆஞ்சியோ மேசையிலேயே ஒரு சோதனை செய்தார்கள். அசிடைல்கோலின் என்ற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் செலுத்துவார்கள். நல்ல உள்படலம் இருந்தால் குழாய் விரியும், கெட்டிருந்தால் சுருங்கும். அவருக்குத் திரையில் அந்தக் குழாய் நூல் போல ஆனது. அதே வலி, ஈசிஜியில் அதே ஏற்றம். உடனே நைட்ரோகிளிசரின் செலுத்தியதும் குழாய் முழுசாகத் திறந்தது. குழாய் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சுருங்கி, கூடவே வலியும் ஈசிஜி மாற்றமும் வந்தால்தான் சோதனை பாசிட்டிவ் என்பார்கள். துடிப்பு தடுமாறும் ஆபத்து இருப்பதால் பழகிய கைகள் உள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வலியின்போது எஸ்டி ஏறி இறங்கியது ஏற்கெனவே பதிவாகியிருந்து, மருந்திலும் வலி அடங்கினால், எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவைப்படாது.

ஸ்டென்ட் என்பது படிந்த உப்பைச் சுவரோடு அமுக்கி வழியைத் திறந்துவைக்கும் கம்பிக் கூடு. இழுக்கும் தசை குழாய் நெடுகிலும் இருக்கிறது. கூடு வைத்த இடத்துக்கு மேலேயோ கீழேயோ, வேறு குழாயிலேயோ மறுபடி இறுகும். கூடவே பெரிய அடைப்பும் இருந்தால் அந்த அடைப்புக்காக ஸ்டென்ட் வைப்பார்கள், இறுக்கத்துக்கான மாத்திரை அப்போதும் தொடரும். "ஸ்டென்ட் வேண்டாம்" என்ற சொல்லை "நோய் இல்லை" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு பிபியே இல்ல, பிபி மாத்திரை எழுதியிருக்காங்க. கால்சியத்தை அடைக்கும்னு வேற சொல்றாங்க. அப்போ பாலை நிறுத்தணுமா?

பால் குடியுங்கள், ராகியும் சாப்பிடுங்கள். எலும்புக் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தசைச் செல் சுருங்க வேண்டுமானால் அதன் சுவரில் உள்ள நுண்ணிய வாசல் வழியாகக் கால்சியம் உள்ளே போக வேண்டும். கால்சியம் சேனல் பிளாக்கர் மாத்திரைகள் அந்த வாசலைச் சாத்திவைக்கின்றன. கயிற்றை இழுக்கும் கைக்கு வலு குறைகிறது. உடம்பு முழுக்க உள்ள குழாய்கள் தளர்வதால் ரத்த அழுத்தமும் குறையும், அதனால் இதே மாத்திரைகள் பிபிக்கும் பயன்படுகின்றன. உங்களுக்கு எழுதியது பிபிக்காக அல்ல.

இதில் இரண்டு வகை. டில்டியாசெம், வெரபமில் இரண்டும் குழாயைத் தளர்த்துவதோடு நாடித்துடிப்பையும் குறைக்கும். அம்லோடிபின், நீண்ட நேரம் வேலை செய்யும் நிஃபெடிபின் இரண்டும் பெரும்பாலும் குழாயில் மட்டும் வேலை செய்யும். நாடி ஏற்கெனவே மெதுவாக இருப்பவருக்கு, அல்லது இதயத்தின் பம்ப் பலவீனமானவருக்கு, முதல் வகை ஆகாது. மற்றவர்களுக்கு டில்டியாசெம்மில் தொடங்குவது வழக்கம்.

நெசவாளருக்கு மெதுவாகக் கரையும் டில்டியாசெம் 90 மில்லிகிராம், காலை ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று தொடங்கினோம். வாரத்தில் நான்கு நாள் வந்த வலி ஒரு நாளாகக் குறைந்தது. வந்த அந்த ஒரு நாளும் விடியற்காலைதான். அதனால் காலை மாத்திரையை அப்படியே வைத்து, இரவு மாத்திரையை மட்டும் 120 ஆக்கினோம். இந்த நோயில் இரவு வேளைதான் முக்கியம். எட்டு மணிக்குச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டவரை பத்து மணிக்கு, படுக்கும்போது போடச் சொன்னேன். மருந்தின் பலம் மூன்று, நான்கு மணிக்கு முழுசாக இருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு மாதம் வலி இல்லை. இது அவருடைய அளவு. உங்கள் நாடியையும் அழுத்தத்தையும் பார்த்து உங்கள் மருத்துவர்தான் உங்கள் அளவைச் சொல்ல வேண்டும். ஒரு மாத்திரை போதாதவர்களுக்கு நீண்டநேர நைட்ரேட்டோ நிகோரண்டிலோ சேர்ப்பதுண்டு.

சைடு எஃபெக்ட்?

கணுக்கால் வீக்கம், அம்லோடிபினிலும் நிஃபெடிபினிலும் அதிகம். வெரபமில்லில் மலச்சிக்கல். டில்டியாசெம்மில் நாடி 50-க்குக் கீழே போனாலோ எழுந்தால் கண் இருட்டினாலோ அடுத்த வேளைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். டில்டியாசெம் சில ஸ்டாட்டின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தசை வலி அதன் அறிகுறி.

கை நடுக்கத்துக்கு, படபடப்புக்குன்னு வேற டாக்டர் ஒரு மாத்திரை குடுத்தார். அதுக்கப்புறம் வலி ஜாஸ்தியாயிடுச்சே, ஏன்?

சீட்டைப் பாருங்கள், ப்ரோப்ரனலால் என்று இருக்கும். இது பீட்டா பிளாக்கர். நிலையான அடைப்புக்குப் பீட்டா பிளாக்கர்கள் நல்ல மருந்து, இதயத்தின் உழைப்பைக் குறைக்கும். குழாய் இறுக்கத்தில் இதே மருந்து எதிரியாகலாம். குழாயை விரிக்கும் சமிக்ஞையை அது தடுக்கிறது, சுருக்கும் சமிக்ஞை மட்டும் தடையில்லாமல் மிஞ்சுகிறது. இரண்டு நோயையும் பிரித்தறிவது ஏன் வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. டில்டியாசெம்மோடு சேர்ந்தால் நாடி அபாயகரமாக இறங்கவும் கூடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரிடம் இந்த நோயைச் சொல்லி மாற்றி வாங்குங்கள்.

ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான், எர்காட்டமின், மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரைகள், இவையும் குழாயைச் சுருக்கும். மருந்துக்கடையில் சளி மாத்திரை கேட்கும்போதும் உங்கள் நோயைச் சொல்லுங்கள்.

எங்க நைனா பீடிய விட மாட்டேங்கறார். மாத்திரை சாப்பிடறேன்ல, போதும்ங்கறார்.

போதாது. ஒரு கை வாசலைச் சாத்துகிறது, இன்னொரு கை உடைக்கிறது. இந்த நோய்க்கு நாம் கைவைத்து மாற்றக்கூடிய காரணங்களில் புகைதான் முதல். பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. பீடி கையெட்டும் தூரத்தில் கிடக்கும்போது விடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நிகோட்டின் சூயிங்கமும் கேட்காமல் வாங்கவேண்டாம், அதிலும் நிகோட்டின் இருக்கிறது, மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். மது குடித்தால், குடிக்கும்போது இல்லாமல் சில மணி நேரம் கழித்து, அதாவது விடியும்போது வலி வரக்கூடும்.

மார்கழிக் குளிரில் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிப்பதையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

வலி வந்தா அந்த நேரத்துல என்ன செய்யணும்?

எழுந்து உட்காருங்கள், நடக்க வேண்டாம். நாக்குக்கு அடியில் ஐசோசார்பைட் டைநைட்ரேட் 5 மில்லிகிராம், நம் ஊரில் சார்பிட்ரேட் என்றால் தெரியும். விழுங்கக்கூடாது. நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். ஐந்து நிமிஷத்தில் குறையவில்லை என்றால் 108. மயக்கம் வந்தால் ஐந்து நிமிஷம்கூடக் காத்திருக்காதீர்கள். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனஃபில் மாத்திரை போட்டிருந்தால் சார்பிட்ரேட்டைத் தொடவே கூடாது, அழுத்தம் உயிருக்கு ஆபத்தாக விழும். வெட்கப்படாமல் ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையைத் தலையணைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பீரோவில் பூட்டிவைத்த மாத்திரை மூன்று மணிக்கு உதவாது.

வலியே இல்ல இப்போ. எத்தனை நாள் சாப்பிடணும்?

வருஷக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுக்க. மாத்திரையும் புகையில்லாத உடம்பும் இருந்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். குறைப்பதானால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். ஐந்தாம் மாதம் நெசவாளர் பேத்தி காதுகுத்துக்குக் காட்பாடிக்குப் போனபோது மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டார். வலிதான் இல்லையே, மூன்று நாள்தானே என்று நினைத்தாராம். மூன்றாம் இரவு இரண்டு தடவை வலி, இரண்டாவது முன்பெல்லாம் வந்ததைவிட நீளமாக. திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். இப்போது அவர் சட்டைப் பையில், முன்பு பீடிக்கட்டு இருந்த இடத்தில், அட்டையிலிருந்து வெட்டியெடுத்த நான்கு மாத்திரைகள் எப்போதும் இருக்கின்றன. போன வாரம் நாடி பார்த்தேன், 62.